கம்பத்தைச் சாய்க்கும் கேமரா: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் இருக்கும் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவின் விலை இப்போது இறங்கியிருக்கிறது. வீடியோவுக்கு வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதன் கலர், வெளிச்சம் குறைவான இடத்தில் அது எடுக்கும் விதம், ஆட்டோஃபோகஸ் பற்றியெல்லாம் அவருக்கே தெரியும், நானும் அவற்றில் குறை சொல்ல மாட்டேன். எனக்கு இன்றுவரை பழகாதது ஒன்றுதான். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி, கொஞ்சம் வேகமாகப் பேன் செய்தால் போதும், நேராக நிற்கிற கம்பம், கதவு, சுவர் எல்லாம் சாய்ந்துவிடுகின்றன.

ரோலிங் ஷட்டர் என்ற பெயர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சென்சார் ஒரு ஃப்ரேமை ஒரே கணத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. என் கேமராவில் 4கே வீடியோவுக்கு முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை போக ஏறத்தாழ 24 மில்லிசெகண்ட் ஆகிறது. அதற்குள் கேமரா திரும்பிவிட்டால் கம்பத்தின் தலை ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் பதிகிறது. வலப்பக்கம் பேன் செய்தால் தலை வலப்பக்கம் சாயும், இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். கை நடுங்கி, ஒரே ஃப்ரேமுக்குள் அசைவின் திசை மாறினால் சாய்வு நெளிவாகிவிடும். படம் ஜெல்லி மாதிரி ஆடுகிறது என்று சொல்வது இதைத்தான்.

ஷட்டர் ஸ்பீடைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். ஆகாது. ஷட்டர் ஸ்பீடு ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பதை மட்டும் மாற்றும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும். 1/50-இல் மங்கலுக்குள் மறைந்திருந்த சாய்வு 1/1000-இல் கத்தி மாதிரிக் கூர்மையாகத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கோபம் அதிகம் போவது நொடிக்கு 60 ஃப்ரேம் எடுக்கும் மோடு மேல்தான். அதற்குப் போனால் சாய்வு குறையும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஒரு ஷாட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மி.மீ. லென்ஸ் போட்டு, விளக்குக் கம்பங்களைத் தாண்டிப் போகும் சைக்கிள்காரரைத் தொடர்ந்து பேன் செய்கிறோம். வேகம் நொடிக்கு 60 டிகிரி, அதாவது கால்வட்டம் திரும்ப ஒன்றரை நொடி. பெரிய வேகம் இல்லை. முழு சென்சாரில், ஃப்ரேம் உயரத்துக்கு நிற்கும் கம்பத்தின் தலைக்கும் காலுக்கும் இடையே சுமார் 135 பிக்சல் விலகல் வருகிறது. கோணத்தில் மூன்றரை டிகிரி. வேறெதையும் பார்க்காமல் கண் நேராக அங்கேதான் போகும்.

இப்போது 60 ஃப்ரேமுக்கு மாறுங்கள். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட் மட்டும். 24 மில்லிசெகண்ட் கேட்கிற சென்சார் அதற்குள் முடிக்க முடியாது. அதனால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும், மூன்றில் இரண்டு பங்கு வரிசைகளை மட்டும் படிக்கிறது. 24 இப்படி 16 ஆகிறது. எண்ணைப் பார்த்தால் நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு வரிசையைப் படிக்கும் வேகம் கொஞ்சம்கூட மாறவில்லை. அதே 50 மி.மீ. லென்ஸ், அதே பேன் வேகம் என்றால் காட்சி ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டதால் பிக்சல்களும் ஒன்றரை மடங்கு வேகமாக ஓடுகின்றன. பெருக்கிப் பார்த்தால் மறுபடியும் அதே 135 பிக்சல், அதே மூன்றரை டிகிரி. கழற்றி 35 மி.மீ. லென்ஸ் போட்டு, பழைய ஃப்ரேமிங்குக்கே திரும்பினால்தான் சாய்வு இரண்டரை டிகிரிக்கு இறங்கும். அப்போதும் வேலை செய்தது லென்ஸ்தான், 60 ஃப்ரேம் அல்ல.

சென்சார் ஒரு ஃப்ரேமைப் படித்து முடிக்க ஆகும் இந்த ரீட்அவுட் நேரத்தைப் பெட்டியிலோ கையேட்டிலோ போட மாட்டார்கள். எத்தனை ஃபோகஸ் பாயிண்ட் என்று பெரிய எழுத்தில் போடத் தெரிகிறது, வீடியோ எடுப்பவருக்கு வேண்டிய இந்த ஒரு எண்ணைப் போட மட்டும் மனம் வருவதில்லை. நல்லவேளை, இதை நாமே அளந்துகொள்ளலாம். நன்றாக மினுக்கும் மலிவான எல்இடி பல்பு ஒன்று வேண்டும். அந்த வெளிச்சம் விழும் வெறும் சுவரை 1/2000 ஷட்டரில் ஃப்ரேம் முழுக்க நிரப்பி வீடியோ எடுங்கள். கருப்பும் வெளுப்புமாகக் கிடைமட்டப் பட்டைகள் தெரியும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் பல்பு நொடிக்கு 100 முறை மினுக்கும், ஒரு கருப்பும் ஒரு வெளுப்பும் சேர்ந்த ஜோடி 10 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸ் என்றால் ஜோடிக்கு 8.3. என் கேமராவில் முழு 4கே-யில் கிட்டத்தட்ட இரண்டரை ஜோடி வந்தது, நடுப்பகுதியை மட்டும் படிக்கும் 60 ஃப்ரேமில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். பட்டையே தெரியவில்லை என்றால் கேமரா நல்லது என்று அர்த்தமில்லை, பல்பு மினுக்கவில்லை என்று அர்த்தம். பல்பை மாற்றிப் பாருங்கள்.

போனில் இதே சோதனையைச் செய்தால் பெரும்பாலும் பட்டைகள் குறைவாகவே இருக்கும். சென்சார் சின்னது, படிப்பதும் வேகம். ஆனால் போனை நிமிர்த்திப் பிடித்தால் வரிசைகளும் செங்குத்தாகிவிடும். பக்கவாட்டில் பேன் செய்யும்போது கம்பம் சாயாது, அதற்குப் பதிலாகக் காட்சி ஒரு திசையில் இழுபடும், எதிர்த்திசையில் ஒடுங்கும். சாய்வே இல்லை, பிரமாதம் என்று சிலர் பாராட்டும் வீடியோக்களில் முகங்கள் மெலிந்தும் பருத்தும் போவதைக் கவனித்துப் பார்க்கலாம்.

அப்புறம், எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாமே என்ற கேள்வி. கைரோஃப்ளோ மாதிரி மென்பொருளில் ரீட்அவுட் நேரத்தைக் கொடுத்தால், கேமராவின் அசைவுப் பதிவை வைத்து ஒவ்வொரு வரிசையையும் நகர்த்தி நிமிர்த்திவிடும். வெறும் கட்டடத்தைப் பேன் செய்த ஷாட்டில் அது அற்புதமாக வேலை செய்கிறது. சைக்கிள்காரர் ஷாட்டில் செய்வதில்லை. அவரைத் தொடர்ந்தே பேன் செய்ததால் ஃப்ரேமுக்குள் அவர் அதிகம் நகரவில்லை, அதனால் முதலிலேயே நேராகத்தான் பதிந்திருந்தார். மென்பொருளுக்குத் தெரிந்தது கேமரா திரும்பியது மட்டும். கம்பங்களை நிமிர்த்தும்போது அவரையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. பின்னணி நேராகி, ஆள் மூன்றரை டிகிரி மறுபக்கம் சாய்கிறார். அதற்குக் கம்பம் சாய்ந்திருப்பதே பரவாயில்லை.

உண்மையான தீர்வு சென்சாரில்தான் இருக்கிறது. ஸ்டாக்டு சென்சார்கள் இந்த வேலையைப் பல மடங்கு வேகமாக முடிக்கின்றன. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III-இன் குளோபல் ஷட்டர் எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் எடுப்பதால் அதில் இந்தச் சாய்வுக்கே இடமில்லை. என் கேமராவுக்கு எந்த ஃபர்ம்வேர் வந்தாலும் அது நடக்காது.

நண்பர் விளையாட்டுப் போட்டிகளை எடுக்கப் போகிறவர், அதுவும் 85 மி.மீ. லென்ஸில். லென்ஸ் நீளமானால் அதே பேன் வேகத்துக்குச் சாய்வும் அதே விகிதத்தில் கூடும், அவருடைய ஷாட்டில் இது ஆறு டிகிரி. அதனால் விலை இன்னும் பாதியானாலும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் உன்னுடையதை விற்றுவிடு என்றார். விற்க மாட்டேன். டிரைபாடில் உட்கார்ந்து ஒரு முகத்தை எடுக்கும்போது இது தரும் தோல் நிறத்தை வேறெந்த கேமராவிலும் நான் பார்த்ததில்லை.