கிராஃபைட்டா, லித்தியம் மெட்டலா? நான் ஏன் கிராஃபைட் பக்கம் போனேன்

லேப்ல காயின் செல், அதாவது பட்டன் சைஸ் லித்தியம் பேட்டரி ப்ராஜெக்ட்டுக்கு ஆனோடு, அதாவது மைனஸ் முனை எதுன்னு முடிவு பண்ண வேண்டி வந்துச்சு, கடைசில கிராஃபைட் எடுத்தேன். கெப்பாசிட்டில போட்டியே இல்ல, கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் ஹவர், லித்தியம் மெட்டல் 3860. அப்புறம் ஏன் இதுன்னா, ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏத்தி இறக்கும்போதும் எவ்வளவு லித்தியம் திரும்பி வருதுங்கிறதுதான் காரணம்.

கிராஃபைட்ல லித்தியம் அடுக்குக்கு நடுவுல போய் உக்காந்துக்கும், மேல இருக்கிற பாதுகாப்புப் படலம் பெருசா கிழியாது. மெட்டல்ல அப்படி இல்ல, படலம் மெல்லிசா இருக்கிற இடத்துல கரண்ட் குவியும், அங்க முளை விடும், படலம் கிழிஞ்சு புது லித்தியம் வெளிய தெரியும், அது செல்லுக்குள்ள இருக்கிற திரவமான எலக்ட்ரோலைட்டோட வினையாகி மறுபடி படலம் கட்டும், இதுல ரெண்டுமே வீணாகும். டிஸ்சார்ஜ்ல முளையோட அடி முதல்ல கரைஞ்சா மேல் பாதி துண்டா நிக்கும், அது செத்த லித்தியம், கரண்டுக்கு உதவாது. செல்லைப் பிரிச்சா பளபளன்னு இருந்த லித்தியம் ஃபாயில் மேல கருஞ்சாம்பல் நிறத்துல பாசி மாதிரி அப்பியிருக்கும்.

ஒரு சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுத்துக்கு 99% லித்தியம் திரும்பி வருதுன்னா நல்லாதானே இருக்குன்னு தோணும். கூடுதல் லித்தியம் எதுவும் வைக்காத செல்லுல 100 சுத்து போனா 0.99-ஐ நூறு தடவை பெருக்கணும், மிச்சம் 37% தான். 99.9% இருந்தாதான் 90% மிஞ்சும். பேப்பர்ல நூத்துக்கணக்கான சுத்து ஓடுச்சுன்னு பாத்தா ஃபாயில் தடிமனைத் தேடுங்க. சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லி ஆம்பியர் ஹவர் வேணும்னா சுமார் 15 மைக்ரான் தடிமன் லித்தியம் போதும், ஆனா 250 மைக்ரான் ஃபாயில் வச்சா பதினாறு மடங்கு ஸ்டாக், நஷ்டம் வெளிய தெரியவே தெரியாது. கடைசில எலக்ட்ரோலைட் வத்திதான் செல் சாகும்.

ரெண்டு முனையையும் பிரிச்சு வைக்கிற செப்பரேட்டரை முளை தாண்டிட்டா ஷார்ட். எல்லா ஷார்ட்டும் உடனே தீப்பிடிக்காது, சார்ஜ் ஆகும்போது வோல்டேஜ் நடுங்கும், சார்ஜை நிறுத்த வேண்டிய கட்ஆஃப் வோல்டேஜ் வராமலே சார்ஜ் போயிட்டே இருக்கும், அதான் அடையாளம். ரெண்டு பக்கமும் லித்தியம் வச்ச டெஸ்ட் செல்லுல திடீர்னு வோல்டேஜ் கம்மியானா சந்தோஷப்படாதீங்க, அதுவும் ஷார்ட்டா இருக்கலாம். 1989-ல கனடாவோட மோலி எனர்ஜி கம்பெனியோட லித்தியம் மெட்டல் செல் ஜப்பான்ல ஃபோன்ல தீப்பிடிச்சு திரும்ப வாங்கிட்டாங்க, 1991-ல சோனி கார்பன் ஆனோடு வச்சுதான் மார்க்கெட்டுக்கு வந்துச்சு.

கிராஃபைட்டும் சொக்கத்தங்கம் இல்ல, குளிர்ல வேகமா சார்ஜ் ஏத்தினா அதுமேலயும் லித்தியம் படியும். எடை ரொம்ப முக்கியம், கொஞ்ச சுத்து போதும்னா மெட்டல் எடுக்கிறதுல நியாயம் இருக்கு. திட எலக்ட்ரோலைட் நான் கைல தொட்டதில்ல, அதனால அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா அந்த செராமிக்லயும் துகள் இடுக்குல லித்தியம் ஊடுருவுறதை நிறைய பேர் பாத்திருக்காங்க.