ஓய்வுக்குப் பிறகு: எந்தப் புத்தகம் முதலில்?

எர்னி செலின்ஸ்கியின் 'ஹவ் டு ரிட்டையர் ஹாப்பி, வைல்ட் அண்ட் ஃப்ரீ' ஓய்வுக்குப் பின் வரும் வெற்று நாட்களை நேரடியாகவே எதிர்கொள்கிறது. தாளின் நடுவிலிருந்து கிளைகள் வரையச் சொல்கிறார்: இப்போது பிடித்தவை, முன்பு பிடித்து விட்டுப்போனவை, இனிப் பழக விரும்புபவை. வெள்ளவத்தையில் ஓய்வுபெறப்போகும் கணக்காளர் ஒருவர் இரண்டாவது கிளையில் மிருதங்கம் என்று எழுதினால், அடுத்த சிறுகிளை ஆசிரியரைத் தேடுவது. அதற்கடுத்தது கிழமையில் எந்த நாள் என்பது. வேலை தந்த மூன்றை, அதாவது நோக்கம், ஒழுங்கு, மனிதத் தொடர்பு ஆகியவற்றை, வேறிடத்தில் தேட வேண்டும் என்பதே அவரது வாதம்.

வில்லியம் பிரிட்ஜஸின் 'டிரான்சிஷன்ஸ்' (1980) ஓய்வுக்கென்றே எழுதப்பட்டதல்ல. ஆனாலும் ஓய்வைப் பற்றிய பயம் ஆழமாக இருந்தால் நான் இதைத்தான் முதலில் கொடுப்பேன். மாற்றம் ஒரு நாளில் நடக்கும். மனம் அதைக் கடக்க முடிவு, இடைவெளி, தொடக்கம் என மூன்று கட்டங்கள் வேண்டும் என்கிறார். "கணக்காளர் ஐயா" என்று கூப்பிட ஆளில்லாத காலைதான் அந்த இடைவெளி. அதை உடனே நிரப்பாமல், தனியே இருந்து குறிப்பெழுதச் சொல்கிறார்.

எதை எடுப்பது? செலின்ஸ்கியின் கிளைகளை வரைய உட்கார்ந்தும் எதுவும் எழுத வரவில்லை, அல்லது எழுதியதெல்லாம் பழைய அலுவலக வேலையாகவே இருக்கிறது என்றால், 'முடிவு' என்ற முதல் கட்டமே இன்னும் முடியவில்லை, பிரிட்ஜஸுக்குப் போங்கள். தாள் நிரம்பிவிட்டால் செலின்ஸ்கியே போதும். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் மாறிமாறிப் போகும் நம் பெற்றோரின் நிலையை இரண்டுமே பேசவில்லை.