வைஃபை கியூஆர் கோடு: பாஸ்வேர்டு உண்மையிலேயே மறைகிறதா?

வீட்டுக்கு வருபவர்களுக்கு வைஃபை கொடுக்க, ஹாலில் ஒரு கியூஆர் கோடு ஒட்டி வைத்து ரொம்ப நாளாகிறது. கேமராவைக் காட்டினால் இணைந்துவிடுகிறது. "பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்ற கேள்வியே இப்போது இல்லை. வசதிக்கு முழு மதிப்பெண். ஆனால் பாஸ்வேர்டு மறைகிறது என்பது பாதிதான் உண்மை.

அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது வெறும் எழுத்து வரிதான்:

```
WIFI:T:WPA;S:Virundhu;P:thennai27maram;;
```

இதில் பூட்டு, குறியாக்கம் எதுவும் கிடையாது. சாதாரண ஸ்கேனர் ஆப் ஒன்றில் படித்தால் P: என்பதற்குப் பிறகு பாஸ்வேர்டு அப்படியே தெரியும். கேமரா வழியாக இணைந்தவரிடமும் அது தங்கிவிடுகிறது. ஐஓஎஸ் 16 முதல் ஐபோனில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டைத் திறந்து பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் அவரே இன்னொருவருக்குக் கியூஆராகக் காட்டலாம். பல போன்களில் கோடின் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தில் வந்து நிற்கும்.

அதனால் நான் ஒட்டியிருப்பது ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்குக்கான கோடு மட்டும். வீட்டு நெட்வொர்க்கின் பாஸ்வேர்டு வேறு, அது எந்தத் தாளிலும் இல்லை. கெஸ்ட் பாஸ்வேர்டு ஊருக்கெல்லாம் தெரிந்தாலும், என் கணினியையோ பிரிண்டரையோ அதிலிருந்து தொட முடியாது. ரவுட்டர் செட்டிங்கில், கெஸ்ட்டுகள் உள் நெட்வொர்க்கை அணுகும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சோதிப்பது எளிது: கெஸ்ட்டில் இணைந்த போனில் வீட்டு பிரிண்டரைத் தேடுங்கள், அகப்படக் கூடாது. இதற்கு ஒரு விலை உண்டு. விருந்தினர் தன் போனிலிருக்கும் வீடியோவை நம் டிவியில் போட நினைத்தாலும் நடக்காது.

கோடு செய்யும்போது பாஸ்வேர்டில் அரைப்புள்ளி இருந்தால் கவனம். thennai;maram என்று வைத்தால், போன் அரைப்புள்ளியோடு நின்று thennai என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அது ஏழு எழுத்து, WPA பாஸ்வேர்டுக்குக் குறைந்தது எட்டு வேண்டும், இணையவே இணையாது. `thennai\;maram` என்று அரைப்புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் சரியாகும். கெஸ்ட்டுக்குக் குறியீடுகளே இல்லாத நீளமான பாஸ்வேர்டு வைப்பது இன்னும் நல்லது. லேப்டாப்போடு வருபவர் எப்படியும் தட்டச்சுத்தான் செய்வார்.

கோடு உருவாக்கித் தரும் இணையதளங்களை நான் தொடுவதில்லை. வீட்டு பாஸ்வேர்டை முன்பின் தெரியாத தளத்தில் எதற்குத் தட்ட வேண்டும்? ஆண்ட்ராய்டு போனின் வைஃபை செட்டிங்கிலேயே கோடு கிடைக்கிறது, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கீழே பாஸ்வேர்டு தெரிந்தால் வெட்டிவிட்டு அச்சிட்டால் போதும்.

பழைய ரவுட்டரை மாற்றியபோது புதியதிலும் அதே கெஸ்ட் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்தேன். ஒட்டிய தாள் அப்படியே வேலை செய்தது. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் புதுத் தாள், கூடவே பழைய விருந்தாளிகளின் போன்கள் எல்லாம் கழன்றுவிடும். அவ்வப்போது நான் மாற்றுவதே அதற்காகத்தான்.