டேங்க் மோட்டார் போர்டுக்கு கே-மேப்: ரொம்ப நாள் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

பாலக்கோடு பக்கம் வீட்டு சம்ப்-டேங்க் மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் போர்டு பண்ணித் தர்றேன், மைக்ரோகன்ட்ரோலர் இல்லாம வெறும் கேட் ஐசிதான். காலேஜ்ல படிச்ச கே-மேப்பை, அதாவது இன்புட் ஒவ்வொரு சேர்க்கைக்கும் அவுட்புட் என்னன்னு கட்டத்துல எழுதி ஈக்வேஷனைச் சுருக்கற முறையை, இப்பவும் பேப்பர்ல போட்டுத்தான் டிசைன் பண்றேன்.

இன்புட் நாலு. S சம்ப்ல தண்ணி இருக்கு, L டேங்க் கீழ் ப்ரோப் நனைஞ்சிருக்கு, H மேல் ப்ரோப் நனைஞ்சிருக்கு, M மோட்டார் இப்ப ஓடிட்டிருக்கு. டேங்க் காலியானா ஓடணும், ஓட ஆரம்பிச்சா மேல வரைக்கும் நிரப்பிட்டுத்தான் நிக்கணும். மேப்ல 1னா மோட்டார் ஓடணும், 0னா நிக்கணும்.

```
SL\HM  00 01 11 10
00      0  0  X  X
01      0  0  0  0
11      0  1  0  0
10      1  1  X  X
```

நெடுவரிசை 00, 01, 11, 10னு இருக்கறதுக்கு காரணம், பக்கத்து கட்டத்துக்குப் போனா ஒரே ஒரு இன்புட்தான் மாறணும், அப்பதான் குரூப் பண்றப்ப அந்த எழுத்து அடிபடும். X போட்ட இடம் மேல் ப்ரோப் நனைஞ்சு கீழ் ப்ரோப் காஞ்சிருக்கறது, தண்ணி அப்படி நிக்காதுன்னு டோன்ட் கேர், 0 வந்தாலும் 1 வந்தாலும் பரவால்ல.

புக்ல சொல்ற மாதிரி பெரிய குரூப்பா புடிச்சா கடைசி வரி முழுசும் ஒரே குரூப், `SL' + SH'M`னு வரும். பழைய போர்டு ஒண்ணு ரிப்பேருக்கு வந்துச்சு, டேங்க் நிரம்பி வழியுது மோட்டார் நிக்கவே இல்லன்னு, திறந்து வயரிங்க ட்ரேஸ் பண்ணா இதே ஈக்வேஷன். நம்ம ஊரு உப்புத்தண்ணில ப்ரோப் மேல சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு கரண்ட் பாயாது, கீழ் ப்ரோப் தண்ணிக்குள்ளயே இருந்தாலும் காஞ்ச மாதிரி காட்டும், அப்ப நடக்காதுன்னு சொன்ன X கட்டத்துல போய் சர்க்யூட் உக்காந்துக்கும், அங்க `SL'` ஒண்ணு ஆகி மோட்டார் ஓடிட்டே இருக்கும்.

அதனால நான் அந்த X எல்லாத்தையும் சைபரா வச்சுக்கறேன். கட்டத்தோட SLHM-ஐ பைனரி நம்பரா படிச்சா, அப்ப 8, 9 ஒரு குரூப், 9, 13 ஒரு குரூப் (ஒரே கட்டத்தை ரெண்டு தடவை எடுத்துக்கலாம், A + A = A தானே):

```
SL'H' + SH'M = SH'(L' + M)
```

குரூப் சின்னதாச்சே, கேட் கூடுமோன்னு தோணும். எண்ணிப் பாருங்க, ரெண்டு AND, ஒரு OR, ரெண்டு NOT. பழையதையும் `S(L' + H'M)`னு பொதுவா வெளிய எடுத்தா அதே அஞ்சு கேட்தான் வருது. மேப் மட்டும் போட்டு விட்டிருந்தா இது தெரிஞ்சிருக்காது, அது கூட்டல் வடிவத்தோட நின்னுடும், மிச்சம் பூலியன் அல்ஜீப்ரா வேலை.

இப்ப கீழ் ப்ரோப் கெட்டா மோட்டார் மேல் ப்ரோப்கிட்டயே அடிக்கடி ஆன் ஆஃப் ஆகும், அத வச்சே ப்ரோப்பைக் கழட்டிச் சுரண்டணும்னு தெரிஞ்சுக்கலாம், தண்ணி வழியாது. மேல் ப்ரோப் கெட்டா மட்டும் ரெண்டு ஈக்வேஷனும் வழிய விடும், அதுக்கு மேப்ல மருந்து இல்ல, ஓவர்ஃப்ளோ ஃப்ளோட் ஸ்விட்ச் ஒண்ணு தனியா வைக்கணும்.

த்ரீ ஃபேஸ் லைன் இருக்கறவங்க ஃபேஸ் சென்சாரையும் சேர்க்கச் சொல்வாங்க. அஞ்சாவது இன்புட்டுக்கு 32 கட்டம் போட்டு கண்ணைக் கெடுத்துக்காதீங்க, கான்டாக்டர் காயிலுக்கு சீரிஸ்ல அந்த ரிலேயைக் கொடுத்தா போதும்.