காலிப் பட்டியல் காட்ட ஒன்றரை வினாடி: ராக்ஸ்டிபியில் கையால் கட்டிய இண்டெக்ஸுகளுடன் மூன்றரை ஆண்டு

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஜவுளிக் குடோன் ஒன்றுக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறாராம். “அண்ணா, நீங்கள் ராக்ஸ்டிபி வைத்திருக்கிறீர்களே, நானும் அதையே போட்டுவிடலாமா?” என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினேன். முதல் பத்து நிமிடம் புகழ்ந்தேன், மீதியெல்லாம் திட்டினேன். முடிவில் என்ன சொன்னேன் என்பது அவருக்கும் தெளிவாகவில்லை, எனக்கும் தெளிவாகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராக்ஸ்டிபி என்ன, வேகம் எவ்வளவு என்பதெல்லாம் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும், சாவிகளை பைட் வரிசையில் அடுக்கி வைக்கும். வேறெதுவும் அதற்குத் தெரியாது. “இந்தத் தொலைபேசி எண்ணுக்கு வந்த பார்சல்கள் எவை?” என்று கேட்க வேண்டுமானால் அந்த இண்டெக்ஸை நாமே கட்டி, நாமே காக்க வேண்டும்.

நான் பார்த்துக்கொள்வது ஒரு பார்சல் சர்வீஸின் கணக்கு. முதன்மைச் சாவி எல்.ஆர். எண், அதாவது லாரி ரசீது எண். அதற்கு மேல் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று மேலே சொன்னது. மற்றொன்று, “ஏழாம் எண் கிளைக் குடோனில் இன்னும் கிடக்கும் பார்சல்கள் எவை? தர வேண்டிய தேதி முந்தியது முதலில் வரட்டும்.” இரண்டுக்கும் சேர்த்து அமைப்பு இதுதான்:

```
p/00482139                     -> முழுப் பதிவு
t/<phone>/20240305/00482139    -> புறப்பட்ட ஊர்
s/07/G/20240308/00482139       -> (காலி)
```

முதல் எழுத்து எந்த வகை என்பதைச் சொல்லும். மூன்றும் தனித்தனி ‘காலம் ஃபேமிலி’யில், அதாவது ஒரே தரவுத்தளத்துக்குள் தனித்தனி அறையில், இருக்கின்றன. இண்டெக்ஸ் சாவியின் வாலில் எல்.ஆர். எண் ஏன் என்றால், அது இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் வரும் இரண்டாவது பார்சல் முதலாவதை அழித்துவிடும். எண்ணுக்கு முன்னால் சுழியங்கள் ஏன் என்றால், பைட் வரிசையில் 9-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். இவை இரண்டும் முதல் வாரத்திலேயே எல்லோரும் அடிபட்டுக் கற்றுக்கொள்பவை.

தொலைபேசி இண்டெக்ஸைப் பற்றிச் சொல்ல ஒரு குறையும் இல்லை. புக்கிங் நேரத்தில் ஒரு முறை எழுதுகிறேன், அதன் பிறகு தொடுவதே இல்லை. எண் மாறாது, தேதி மாறாது, எல்.ஆர். மாறாது. மதிப்பில் புறப்பட்ட ஊரையும் வைத்துவிட்டதால், வாடிக்கையாளர் கவுன்டரில் வந்து நிற்கும்போது முழுப் பதிவைத் தேடிப் போகாமலே பட்டியல் வந்துவிடுகிறது. அதில் பார்சலின் இப்போதைய நிலையையும் வைக்கலாமே என்று ஒருவர் ஆசைகாட்டினார். நல்ல வேளை, கேட்கவில்லை. மூன்றரை ஆண்டில் இந்த இண்டெக்ஸுக்காக நான் ஒரு நாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை.

கெட்ட தூக்கமெல்லாம் மூன்றாவது வரியால்.

பார்சல் குடோனில் இருந்தால் `G`, டெலிவரி வண்டியில் ஏறினால் `R`. வாடிக்கையாளர் கைக்குப் போனதும் இந்த இண்டெக்ஸிலிருந்து அடியோடு எடுத்துவிடுவேன். உயிரோடு இருக்கும் பார்சல்கள் மட்டுமே இதில் இருக்கும் என்பதால் பட்டியல் எப்போதும் சின்னதாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். நிலை மாறும்போது நடப்பது இது:

```cpp
WriteBatch b;
b.Put(mainCf, "p/00482139", newRecord);
b.Delete(statusCf, "s/07/G/20240308/00482139");
b.Put(statusCf, "s/07/R/20240308/00482139", "");
db->Write(WriteOptions(), &b);
```

மூன்றும் சேர்ந்தே நடக்கும், அல்லது மூன்றுமே நடக்காது. நடுவில் மின்சாரம் போனாலும் பாதி எழுதிய நிலை வராது. காலம் ஃபேமிலிகள் வேறு வேறாக இருந்தாலும் இந்த உறுதி உண்டு. இதைப் புகழ்ந்துதான் நண்பரிடம் முதல் பத்து நிமிடத்தைச் செலவழித்தேன்.

ஆனால் `Delete` வரியைப் பாருங்கள். பழைய சாவியை அழிக்க, பழைய நிலை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிவை முதலில் படிக்க வேண்டும். படிப்பது இந்த `WriteBatch` தொகுப்புக்கு வெளியே நடக்கிறது. ஒரே பார்சலை ஒருவர் வண்டியில் ஏற்றி ஸ்கேன் செய்ய, அதே நொடியில் மற்றொருவர் அதை வேறு கிளைக்கு மாற்றிப் பதிந்தார். இரண்டு திரெட்டும் “குடோனில் இருக்கிறது” என்றே படித்தன. இரண்டும் அதே `G` சாவியை அழித்தன. ஒன்று ஏழாம் கிளையின் `R`-இல் எழுதியது, மற்றது பன்னிரண்டாம் கிளையின் `G`-இல் எழுதியது. முதன்மைப் பதிவில் கடைசியாக எழுதியது நின்றது. இண்டெக்ஸில் இரண்டுமே நின்றன. ஒரு பார்சல், இரண்டு ஊர். குடோன் பையன் அரை நாள் தேடினான்.

ஒவ்வொரு எழுத்தும் முழுமையாக நடந்தும் கணக்கு தப்பியது. இதற்கு மருந்து `TransactionDB`-யும் அதில் `GetForUpdate`-உம். படிக்கும்போதே அந்தச் சாவியைப் பூட்டிவிடும், இரண்டாவது ஆள் காத்திருந்து புதிய நிலையைப் படிப்பார். அதோடு, நிலைப் பட்டியலைக் காட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் முதன்மைப் பதிவை எடுத்து, நிலையும் கிளையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வழக்கத்தையும் சேர்த்தேன். ஒத்துப்போகாத வரியைக் காட்டுவதில்லை, பதிவேட்டில் மட்டும் குறித்துவைக்கிறேன். பூட்டு வந்த பிறகு அந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூட விழவில்லை.

இது ஒருமுறை சரிசெய்தால் தீர்ந்தது. தீராதது வேறு.

மாலை ஏழு மணிக்குப் பெரிய கிளையில் குடோன் காலியாகிவிடும். அப்போது “குடோனில் கிடப்பவை” பட்டியலைத் திறந்தால் ஒன்றரை வினாடி யோசித்துவிட்டு வெறும் திரையைக் காட்டும். காலையில் நானூறு பார்சல் இருக்கும்போதும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஒன்றுமே இல்லை என்று சொல்லவா இவ்வளவு நேரம்? இயந்திரத்தை மறுபடி இயக்கினால் சில முறை சரியாகிவிடும், சில முறை ஆகாது. இந்தச் “சில முறை”தான் என்னைப் பல மாதம் தவறான இடத்தில் தேட வைத்தது. டிஸ்க்கைச் சந்தேகித்தேன், நெட்வொர்க்கைச் சந்தேகித்தேன், பாவம், கவுன்டரில் இருந்தவரையும் சந்தேகித்தேன்.

உண்மையில் நடப்பது இது. ராக்ஸ்டிபியில் அழிப்பதும் ஒரு எழுத்துதான். “இந்தச் சாவி செத்துவிட்டது” என்று ஓர் அடையாளம் நட்டுவைக்கும். டூம்ஸ்டோன் என்பார்கள். எனக்கு நடுகல் என்றுதான் சொல்ல வருகிறது. கீழே பழைய பிரதி எங்காவது இருக்கலாம் என்பதால், கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் கம்பாக்‌ஷன் நடந்து அடிமட்டம் வரை போகும்வரை நடுகல் அப்படியே நிற்கும். என் சாவியில் தேதி முந்தியது முன்னால் வருகிறது. முந்திய தேதிப் பார்சல்கள்தான் ஏற்கெனவே டெலிவரி ஆனவை. ஆக `s/07/G/` என்று தேடல் போய் நிற்கும் இடமே சுடுகாடு. உயிருள்ள முதல் பார்சலைப் பார்க்க எல்லா நடுகற்களையும் தாண்டி வர வேண்டும். பட்டியல் காலியென்றால் கடைசிக் கல் வரை போய்ப் பார்த்தால்தான் காலி என்றே தெரியும்.

இண்டெக்ஸ் சின்னது என்று பெருமைப்பட்டேன் அல்லவா? அதுவே வினை. எழுத்துகள் முதலில் நினைவகத்தில் சேரும், இயல்பு அளவு 64 எம்.பி. நிரம்பினால்தான் கோப்பாக இறங்கும். அந்தக் கிளையில் ஒரு நாளைக்கு ஆறாயிரம் பார்சல். ஒவ்வொன்றுக்கும் `G`-யில் ஒரு எழுத்து ஓர் அழிப்பு, `R`-இலும் அப்படியே. சாவிகள் மிகச் சிறியவை, நாளொன்றுக்கு இரண்டு எம்.பி.கூடச் சேராது. அப்படியானால் ஒரு கோப்பு இறங்கவே ஒரு மாதத்துக்கு மேல். அப்படி நான்கு கோப்பு சேர்ந்தால்தான் கம்பாக்‌ஷன் தானாகத் தொடங்கும். நான்கு மாதத்து ஆறாயிரங்கள் என்றால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள். மறுபடி இயக்கும்போது நினைவகத்தில் இருந்தது ஒரு கோப்பாக இறங்குகிறது. அது நான்காவது கோப்பாக அமைந்துவிட்டால் சுத்தமாகும், இல்லையென்றால் இல்லை. “சில முறை”யின் மர்மம் இவ்வளவுதான்.

இதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தேடலுக்கு முன் `SetPerfLevel(PerfLevel::kEnableCount)` வைத்து, பழைய எண்ணிக்கையை `Reset()` செய்துவிட்டு, முடிந்ததும் `get_perf_context()->internal_delete_skipped_count` என்ன என்று பாருங்கள். திரையில் சுழி வரி, இந்த எண் ஆறு இலக்கம் என்றால் நோய் இதுதான். நான் இதைப் பார்க்க ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டேன் என்பதை நண்பரிடம் சொல்லவில்லை.

முதலில் `SingleDelete` போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு `Put`-ஐ அது சந்தித்தால் இரண்டும் சேர்ந்து மறைந்துவிடும், கல் மிஞ்சாது. நினைவகத்திலிருந்து கோப்பாக இறங்கும்போதே மறையும் என்பதால் என் இண்டெக்ஸுக்குக் கச்சிதம். ஆனால் ஒரு நிபந்தனை: நடுவில் அழிக்காமல் அதே சாவியை இரண்டு முறை எழுதியிருக்கக் கூடாது. எழுதியிருந்தால் செத்த பார்சல் எழுந்து வரலாம். எங்கள் கவுன்டரில் ஒரு பதிவைத் திறந்து, எதையும் மாற்றாமல் மறுபடி சேமிக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொரு சேமிப்பும் அதே இண்டெக்ஸ் சாவியை மறுபடி எழுதிக்கொண்டிருந்தது. பழைய சாவியும் புதிய சாவியும் ஒன்றாக இருந்தால் இண்டெக்ஸைத் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்தான். ஆனால் அந்த நிபந்தனையை ஒருநாள் யாராவது எடுத்துவிட்டால், பிழை சத்தமில்லாமல் வரும். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. பழைய `Delete`-க்கே திரும்பிவிட்டேன்.

இப்போது இருப்பது மந்தமான, ஆனால் நிம்மதியான ஏற்பாடு. இரவு இரண்டு மணிக்கு இந்த இண்டெக்ஸுக்கு மட்டும் `CompactRange`. சின்னது என்பதால் சட்டென்று முடிகிறது. அதோடு ஒவ்வொரு கிளைக்கும் உயிருள்ள முதல் தேதியைத் தனியாகக் குறித்துவைத்து, தேடலை அங்கிருந்து தொடங்குகிறேன். அதற்கும் முந்திய தேதியில் பார்சல் வந்தால் அதே தொகுப்பிலேயே குறிப்பையும் பின்னுக்கு இழுத்துவிடுகிறேன். ஒன்றரை வினாடி இப்போது கண்ணுக்குத் தெரியாத நேரம்.

சரி, போடலாமா என்று கேட்டால்? இவ்வளவு திட்டியும் என் கணக்கை வேறு இடத்துக்கு மாற்ற மாட்டேன். தொலைபேசி இண்டெக்ஸ் ஒன்றுக்காகவே இதை வைத்துக்கொள்வேன். நண்பரிடம் மட்டும் வேண்டாம், எஸ்கியூலைட் போட்டுக்கொள்ளுங்கள், `CREATE INDEX` என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்குங்கள் என்று சொன்னேன். “நீங்கள் மட்டும்?” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

நேற்று மேலாளர் வந்தார். வண்டி எண்ணைக் கொடுத்தால் அதிலிருக்கும் பார்சல்கள் தெரிய வேண்டுமாம். வண்டி எண் ஒருமுறை பதிந்தால் மாறாதே என்று கேட்டேன். பாதி வழியில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுவதுண்டு, சில நாள் மூன்று முறைகூட, என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.