ஒரே ஸ்டேட்மென்ட், நான்கு விதமான வட்டி

அமெரிக்கக் கிரெடிட் கார்டுகளில் வட்டி விகிதம் ஒன்றாகவே இருந்தாலும், எந்தத் தொகைக்கு வட்டி போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கட்ட வேண்டியது மாறும். அங்கே இன்று பெரும்பாலும் புழங்குவது சராசரி தினசரி நிலுவை முறையும் அதன் நெருங்கிய உறவான தினசரி நிலுவை முறையும்தான். மற்ற முறைகளோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் குணம் புரியும்.

ஒரு ஜூன் மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 30 நாள், ஆண்டு வட்டி 24 சதவீதம். மே மாதத்திலிருந்து வந்த பாக்கி 1,200 டாலர். ஜூன் 11-ல் 300 டாலருக்குப் பொருள் வாங்கியிருக்கிறார். ஜூன் 16-ல் 600 டாலர் கட்டியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

சராசரி தினசரி நிலுவை முறை ஒவ்வொரு நாளும் எவ்வளவு பாக்கி இருந்தது என்று பார்க்கிறது. முதல் 10 நாள் 1,200 டாலர், கூட்டினால் 12,000. அடுத்த 5 நாள் 1,500, அது 7,500. பணம் கட்டியபின் மீதி 15 நாள் 900, அது 13,500. ஆக மொத்தம் 33,000. இதை 30-ஆல் வகுத்தால் சராசரி 1,100 டாலர். இனி வட்டி:

```
1100 × 0.24 ÷ 365 × 30 = 21.70
```

ஜூன் 11-ல் வாங்கிய பொருளுக்கு அன்றிலிருந்தே ஏன் வட்டி என்று கேட்கலாம். முந்தைய ஸ்டேட்மென்ட் தொகையை முழுதாகக் கட்டியவர்களுக்குத்தான் வட்டியில்லா அவகாசம். பாக்கி வைத்திருந்தால் அது போய்விடும். புதிதாக வாங்குவதும் கணக்கில் பதிவான நாளிலிருந்தே வட்டிக்குள் வந்துவிடும். பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. இதே முறையில் புதிய வாங்கல்களைச் சேர்க்காத வகையும் உண்டு. அதில் பாதி மாதம் 1,200, பாதி மாதம் 600, எனவே சராசரி 900 டாலர், வட்டி 17.75.

முந்தைய நிலுவை முறை இதைவிட எளிது. மாதத் தொடக்கத்தில் இருந்த 1,200 டாலருக்கே முழு மாத வட்டி, 23.67. நடுவில் 600 கட்டியதற்கு அந்த மாதம் எந்தப் பலனும் இல்லை. சரிக்கட்டிய நிலுவை முறை அதற்கு நேரெதிர். கட்டிய 600-ஐக் கழித்துவிட்டு, மீதி 600-க்கு மட்டும் வட்டி போடும்; 11.84 டாலர்தான். கடன் வாங்கியவருக்கு இதைவிட நல்லது கிடையாது.

இந்த இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒரு குணம், பணம் கட்டிய தேதி அவற்றுக்குப் பொருட்டே இல்லை. சராசரி தினசரி நிலுவை முறைக்கோ தேதிதான் உயிர். அதே 600 டாலரை ஜூன் 6-லேயே கட்டியிருந்தால் சராசரி 900 ஆகும், வட்டி 17.75. ஜூன் 26 வரை தள்ளியிருந்தால் சராசரி 1,300, வட்டி 25.64. அதாவது தாமதமாகக் கட்டினால், கட்டியதையே கண்டுகொள்ளாத முந்தைய நிலுவை முறையைவிடவும் இது அதிகம் வாங்கிவிடும். கடன் எத்தனை நாள் கையில் இருந்ததோ அத்தனை நாளுக்கு வட்டி என்பதால், என் பார்வையில் இது நியாயமான முறைதான். ஆனால் கடைசி நாள் வரை காத்திருக்காமல், சம்பளம் வந்ததும் கட்டுபவருக்கே அந்த நியாயம் பயன்படும்.

இரண்டு மாதங்களின் நிலுவையைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் ஒரு முறையும் முன்பு இருந்தது. போன மாதம் அடைத்துவிட்ட தொகைக்கும் அது வட்டி கேட்கும். 2009-ல் வந்த கார்டு சட்டம் அதைத் தடை செய்தது. தடை 2010 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது.

சரி, உங்கள் ஸ்டேட்மென்ட்டில் எப்படிச் சரிபார்ப்பது? வட்டிக் கணக்கு அட்டவணையில் "Balance Subject to Interest Rate" என்ற பத்தியைத் தேடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அங்கே 1,100 இருக்கும். நீங்கள் போட்ட சராசரி அதோடு ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் தேதிகளைப் பாருங்கள்: வாங்கிய நாளும் கணக்கில் பதிவான நாளும் எப்போதும் ஒன்றாக இருக்காது. சராசரி ஒத்துப்போய், வட்டி மட்டும் சில சென்ட் கூடியிருந்தால், அன்றாட வட்டியை மறுநாள் நிலுவையோடு சேர்க்கும் கார்டாக இருக்கலாம். நம் கணக்கில் அந்தக் கூட்டு வட்டியால் ஏறுவது சுமார் 20 சென்ட்.

ஜூன் ஸ்டேட்மென்ட் தொகையை ஜூலையில் முழுதாகக் கட்டினாலும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் கொஞ்சம் வட்டி வரும். ஜூலை 1 முதல் நீங்கள் கட்டிய நாள் வரை பாக்கி ஓடிக்கொண்டிருந்ததே, அந்த நாட்களுக்கானது அது. பாக்கி முடிந்தது என்று அந்த ஸ்டேட்மென்ட்டைப் பிரிக்காமல் விட்டால், அந்தச் சிறு தொகைக்குத் தாமதக் கட்டணம் விழலாம்.