முப்பது நாள் சலுகையில் போன ஆயிரம் பங்குகள்

2021 ஜூன் 7 அன்று சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆண்டுச் சம்பளத்தில் மூன்று லட்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பதிலுக்கு 4,000 ஈசாப், அதாவது நிறுவனத்தின் பங்குகளை முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. நான்கு ஆண்டுகளில் கைக்கு வரும், ஆண்டுக்குக் கால் பங்கு என்று வேலைக்கான கடிதத்தில் இருந்தது. இரண்டு ஆண்டு கடந்தால் 2,000 நமக்குத்தான் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கணக்கு சேர்ந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. இயக்குநர் குழு ஒப்புதல் தந்து, ஒதுக்கீட்டுக் கடிதம் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. எனக்கு அந்தக் கடிதம் வந்தது நவம்பர் 15. ஒதுக்கிய பிறகு குறைந்தது ஓராண்டு கழித்தே உரிமை வர வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒதுக்கீட்டையே ஐந்து மாதம் இழுத்தடித்தது அவர்கள் விருப்பம். அந்தத் தேதியை நான் கவனிக்காதது என் மடத்தனம்.

2023 ஆகஸ்ட் 21 அன்று ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் காலம் 90 நாள். நவம்பர் 19 வரை இருந்திருப்பேன். மனிதவளப் பிரிவிலிருந்து அழைத்த பெண், "உங்களுக்காக முப்பது நாள் குறைத்துத் தருகிறோம் சார்" என்றார். நன்றி சொல்லி மின்னஞ்சல்கூட அனுப்பினேன்! அக்டோபர் 20 அன்று விடுவித்தார்கள். நவம்பர் 15 அன்று வரவேண்டிய இரண்டாவது ஆயிரம் 26 நாள் இடைவெளியில் ரத்தானது. முடியாத ஆண்டுக்கு மாதக் கணக்கில் ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஆண்டு முடிந்தால்தான் உண்டு என்றார்கள்.

முதல் ஆண்டில் உரிமையான ஆயிரத்தையாவது வாங்கலாம் என்றால், வேலையை விட்ட 30 நாளுக்குள் பணம் கட்ட வேண்டுமாம். பங்கு ஒன்றுக்கு 200 ரூபாய் வீதம் இரண்டு லட்சம். அதோடு முடியவில்லை. பங்கின் அன்றைய மதிப்பு 1,100 ரூபாய் என்று மதிப்பீட்டு அறிக்கை சொன்னது. இடையிலுள்ள 900 ரூபாய், விற்காமலேயே சம்பள வருமானம் ஆகிவிடும். ஒன்பது லட்சத்துக்கு 31.2 சதவீத வரி: 2,80,800. ஆக 4,80,800 ரூபாயை ஒரே மாதத்தில் புரட்டி, சந்தையில் பட்டியலிடாத, யாரிடமும் விற்க முடியாத பங்கை வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. கெடு தீர்ந்த மறுநாளே ரத்து என்று மின்னஞ்சல் வந்தது. அதில் மட்டும் தாமதம் இல்லை.

அவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள் என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார். அந்த விதிகள் இருந்த திட்ட ஆவணம் என்னிடம் வந்ததே ராஜினாமாவுக்குப் பிறகுதான். சேரும் முன் அதைக் கேளுங்கள். ஒதுக்கீட்டுத் தேதி, விலகிய பின் பணம் கட்டும் கெடு, இரண்டையும் பாருங்கள். சேர்ந்த பிறகே தருவோம் என்றால், சம்பளப் பேரத்தில் அந்த ஈசாப்பின் மதிப்பைப் பூஜ்யம் என்றே வைத்துப் பேசுங்கள். விலகும்போது அவர்களாக முன்வந்து நாளைக் குறைத்தால், கையெழுத்துப் போடும் முன் நாட்காட்டியை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.